தலையைத் தூண்டுவதா, முதுகெலும்பைத் தூண்டுவதா: பாஸ்போலிப்பிடுக்கு இரண்டு வழிகள்

பாஸ்போலிப்பிடு என்பது கிளிசரால் முதுகெலும்பில் பாஸ்பேட் வழியாகக் கோலின், இனோசிட்டால் போன்ற ஒரு தலை ஒட்டிய கொழுப்பு. ஒட்டுவதற்கு முன் செல் முதுகெலும்பைத் தூண்டலாம், அல்லது தலையைத் தூண்டலாம். லிப்பிடு பாடத்தை இந்த முறை எதிலிருந்து தொடங்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. தலையைத் தூண்டும் சிடிபி-கோலின் வழியைத் தேர்ந்தேன். இங்கே சிடிபி என்பது சைட்டிடின் டைபாஸ்பேட். பல பாடநூல்கள் இரு வழிகளையும் சமமாக வைக்கின்றன. விலங்கு செல்லைப் பொறுத்தவரை அவை சமமல்ல என்பது என் கருத்து.

இரண்டிலும் செலவாகும் நாணயம் சைட்டிடின் டிரைபாஸ்பேட்தான், கடைசியில் உதிர்வதும் சைட்டிடின் மோனோபாஸ்பேட்தான். ஒரு வழியில், முதுகெலும்பில் ஏற்கெனவே பாஸ்பேட் உள்ள பாஸ்பாடிடிக் அமிலம் சிடிபி-டைஅசைல்கிளிசராலாக மாறி, இனோசிட்டாலின் ஹைட்ராக்சில் அதில் வந்து இணைகிறது. கிடைப்பது பாஸ்பாடிடைல்இனோசிட்டால். மற்றதில் கோலின் முதலில் பாஸ்போகோலினாகி, பிறகு சிடிபி-கோலினாகத் தயாராகிறது. பாஸ்பேட் இல்லாத முதுகெலும்பான டைஅசைல்கிளிசராலின் ஹைட்ராக்சில் அதைப் பிடித்துக்கொள்கிறது. கிடைப்பது பாஸ்பாடிடைல்கோலின். இந்த இரண்டாவது வழியில் சைட்டிடின் டிரைபாஸ்பேட்டின் பங்கு தெரியவந்ததே ஒரு கலப்படத்தால்தான். 1950களில் உயிர்வேதியியலாளர்கள் கென்னடியும் வைஸும் பயன்படுத்திய ஒரு ஏடிபி மாதிரி வேலை செய்தது, தூய படிக ஏடிபி வேலை செய்யவில்லை. முந்தையதில் சிறிதளவு சைட்டிடின் டிரைபாஸ்பேட் கலந்திருந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: லிப்பிடில் இருக்கும் பாஸ்பேட் யாருடையது? கிளிசரால்-3-பாஸ்பேட்டின் கார்பனில் கார்பன்-14, பாஸ்பேட்டில் பாஸ்பரஸ்-32 என இரண்டு அடையாளங்களையும் வைத்து, கல்லீரல் செல்சாற்றில் கலந்து பாருங்கள். பாஸ்பாடிடைல்இனோசிட்டாலில் இரண்டும் தொடக்க விகிதத்திலேயே வந்து சேரும். பாஸ்பேட் முதுகெலும்பை விட்டுப் போகவில்லை என்று அதற்குப் பொருள். அடையாளமற்ற சிடிபி-கோலினைச் சேர்த்தால் உருவாகும் பாஸ்பாடிடைல்கோலினில் கார்பன்-14 மட்டும் இருக்கும். பாஸ்பாடிடிக் அமிலத்தின் பாஸ்பேட்டை லிப்பின் நொதி ஏற்கெனவே வெட்டிவிட்டது, புதிய பாஸ்பேட் கோலினோடு வந்தது. இதை முழுச் செல்லில் நெடுநேரம் செய்தால் குழப்பம் வரும். வெட்டப்பட்ட பாஸ்பேட் ஏடிபிக்குள் புகுந்து கோலின் மீதே திரும்பி வரும். பாஸ்பாடிடைல்கோலினில் பாஸ்பரஸ்-32 நேரம் ஆக ஆக ஏறுகிறதென்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி, கிளிசரால் முதுகெலும்பே இல்லாத லிப்பிடான செராமைடுக்கு வரும்போதுதான் முழுப் பலன் தருகிறது. செராமைடில் பாஸ்பேட் இல்லை, இருப்பது டைஅசைல்கிளிசராலைப் போல ஒரு வெறும் ஹைட்ராக்சில். ஆகவே தலைதான் தயாராகி வந்தாக வேண்டும். ஆனால் இங்கே வருவது சிடிபி-கோலின் அல்ல. செர்ட் என்ற புரதம் செராமைடை எண்டோபிளாச வலையிலிருந்து கோல்ஜிக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே ஸ்பிங்கோமயலின் சிந்தேஸ் என்ற நொதி, பாஸ்பாடிடைல்கோலினிலிருந்து பாஸ்போகோலின் முழுவதையும் எடுத்துச் செராமைடில் வைக்கிறது. மீதமாவது டைஅசைல்கிளிசரால். ஒரு மூலக்கூறு ஸ்பிங்கோமயலினுக்கு ஒரு மூலக்கூறு பாஸ்பாடிடைல்கோலின் போகிறது. செராமைடுக்குச் சர்க்கரை சேரும்போதும் இதே கதைதான்: குளுக்கோஸ் யுடிபி-குளுக்கோஸாகத் தயாராகி வருகிறது.

பாக்டீரியா பாடம் எடுப்பவர் என் வரிசையைப் பின்பற்ற வேண்டாம். ஈ.கோலையில் சிடிபி-டைஅசைல்கிளிசரால்தான் ராஜபாட்டை. அதோடு செரின் சேர்ந்து பாஸ்பாடிடைல்செரின் உருவாகி, கார்பாக்சில் நீங்கி பாஸ்பாடிடைல்எத்தனாலமைனாகிறது. அங்கே என் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒன்றே: பாஸ்பேட் முதுகெலும்புடையது.