ஆர்டருக்கு ஒரு வவுச்சரா, நாளுக்கு ஒரு ஜர்னலா?

ஈரோட்டிலிருந்து பருத்திச் சேலைகளை எங்கள் சொந்த இணையதளத்தில் விற்கிறோம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது ஆர்டர் வரும். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் கையால் ஏற்றுவதை என்றோ நிறுத்திவிட்டோம். இரண்டு வருடம் அன்றைய விற்பனை மொத்தத்துக்கும் சேர்த்து நாளுக்கு ஒரே ஜர்னல் பதிவு தானாக விழும்படி வைத்திருந்தேன். போன ஏப்ரலில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனி வவுச்சர் விழும்படி மாற்றினேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. காரணம் ரீஃபண்ட்.

முதல் வழி எளிது. வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி எங்கள் வங்கிக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வேயின் செட்டில்மென்ட் அறிக்கையை இரவில் ஒரு நிரல் எடுத்துக் கூட்டும். வங்கிக்கு வந்த தொகையும் கேட்வே கட்டணமும் பற்று, விற்பனையும் ஜிஎஸ்டியும் வரவு. திருப்பிக் கொடுத்த பணம், அதன் ஜிஎஸ்டி போக, மொத்தமும் விற்பனைத் திரும்பல் கணக்கில் போய்விடும். மாதத்துக்கு முப்பது ஜர்னல்தான், லெட்ஜர் சுத்தமாக இருக்கும். ஒரு நாள் தவறாக விழுந்தால் அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதும். இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கேட்வேக்குத் தெரிவது பணம் மட்டும்தான். பில் போட்டோமா, சேலை கடையை விட்டுப் போனதா, வாங்கியவர் எந்த மாநிலம் என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இல்லை. விற்பனையில் இந்தக் குறை உடனே தெரியாது. ரீஃபண்டில்தான் தெரியும்.

ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். விலை 2,000, ஜிஎஸ்டி 5% சேர்த்து 2,100 ரூபாய். மார்ச் 30 அன்று ஒருவர் பணம் கட்டுகிறார். ஏப்ரல் 1 அன்று, பார்சல் கட்டும் முன்பே, வேண்டாம் என்கிறார். பணத்தைத் திருப்புகிறோம். பழைய முறையில் மார்ச்சில் 2,000 ரூபாய் விற்பனை, ஏப்ரலில் 2,000 ரூபாய் திரும்பல் என்று விழும். நடக்காத ஒரு விற்பனை போன நிதியாண்டின் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். போட்ட பில்லைக் குறைத்துக் காட்டுவதுதான் கிரெடிட் நோட்; பில் போடாத பொருளுக்கு அதுவும் கிடையாது. வருடக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது, எங்கள் பில்களின் கூட்டுத்தொகையும் டேலியின் விற்பனையும் ஒத்துப்போகவில்லை. ஆடிட்டர், “எந்தெந்த பில்லுங்க இது?” என்று கேட்டார். நாளுக்கு ஒரு ஜர்னல் என்பதால் டேலியில் காட்ட எதுவும் இல்லை. கேட்வே அறிக்கையையும் பில் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வரி வரியாகத் தேடினேன்.

இப்போது அதே சேலை இப்படிப் போகிறது. பணம் வந்ததும் ரசீது வவுச்சர்: கேட்வே கணக்கு 2,100 பற்று, வாடிக்கையாளர் முன்பணம் 2,100 வரவு. விற்பனை இன்னும் இல்லை. பொருள் விற்பனைக்கு வாங்கும் முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்து ஜிஎஸ்டி கட்டத் தேவையில்லை என்பதால் வரியும் இல்லை. பார்சல் கிளம்பும்போது பில் போடுகிறோம், அப்போதுதான் விற்பனை வவுச்சர்: முன்பணம் 2,100 பற்று, விற்பனை 2,000, சிஜிஎஸ்டி 50, எஸ்ஜிஎஸ்டி 50 வரவு.

இதனால் ரீஃபண்ட் இரண்டு வகையாகத் தானே பிரிந்துவிடும். பில் போடும் முன் ரத்தானால் முன்பணம் பற்று, கேட்வே கணக்கு வரவு. விற்பனையையும் வரியையும் தொடவே இல்லை. பில் போட்ட பிறகு சேலை திரும்பி வந்தால் கிரெடிட் நோட்: விற்பனைத் திரும்பல் 2,000, இரண்டு வரியும் தலா 50 பற்று, கேட்வே கணக்கு 2,100 வரவு. பழைய பில்லின் எண் அதில் இருக்கும். வேறு மாநிலத்துக்கு, பெங்களூருக்குப் போன சேலை என்றால் அந்த பில்லைப் பார்த்து 100 ரூபாயும் ஐஜிஎஸ்டியில் திரும்பும். பழைய முறையில் இதெல்லாம் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியில் விழுந்துகொண்டிருந்தது.

கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு 2%, அதாவது 42 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி 7.56. கைக்கு வருவது 2,050.44. சேலை திரும்பினால் வாடிக்கையாளருக்கு முழு 2,100 கொடுக்கிறோம், கட்டணம் எங்களுக்குத் திரும்புவதில்லை. ஆக ஒவ்வொரு திரும்பலிலும் 42 ரூபாய் செலவு நிற்கிறது, 7.56 உள்ளீட்டு வரியாகக் கிடைக்கும். நாள் மொத்தத்தில் இது கண்ணிலேயே படாது.

சரி, புது முறையின் தொல்லை என்ன? பணம் வந்தது, திரும்பியது என்று கேட்வே எங்கள் சர்வருக்கு அனுப்பும் செய்தி இரண்டு முறை வருவதுதான். நம் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் கேட்வே மறுபடி அனுப்பும். அது போதாதென்று ஒரே ரீஃபண்டுக்கு `refund.created`, `refund.processed` என்று இரண்டு தனிச் செய்திகள் வேறு. முதல் வாரத்தில் செய்தியின் அடையாள எண்ணை வைத்து வடிகட்டினேன். சில ரீஃபண்டுகள் இரட்டையாக விழுந்தன. ரீஃபண்டின் எண்ணையே சாவியாக வைத்த பிறகு நின்றது:

```sql
CREATE TABLE posted (
  source_id  TEXT NOT NULL,  -- pay_..., rfnd_...
  entry_type TEXT NOT NULL,
  voucher_no TEXT,
  UNIQUE (source_id, entry_type)
);
```

முதலில் இந்த அட்டவணையில் ஒரு பதிவு எழுத வேண்டும், அப்புறம்தான் டேலிக்கு அனுப்ப வேண்டும். பதிவு ஏற்கெனவே இருந்தால் அனுப்பக் கூடாது. `voucher_no` காலியாக நின்றால், அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்று பொருள். உடனே மறுபடி அனுப்பாமல், அந்த வவுச்சர் டேலியில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

இன்னொன்று: டேலியின் எக்ஸ்எம்எல்லில் பற்றுத் தொகை மைனஸில் போகும். விற்பனை வவுச்சரைப் பிரதி எடுத்துக் கிரெடிட் நோட்டுக்கு வார்ப்பு செய்தபோது குறிகளை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் டேலி அதை ஏற்றுக்கொண்டது. காட்டிக்கொடுத்தது கேட்வே கணக்கின் மீதிதான்.

தினமும் காலையில் நான் பார்ப்பது அந்த ஒரு மீதியைத்தான். கேட்வே இன்னும் எங்களுக்குத் தர வேண்டிய தொகை என்று அவர்கள் திரையில் காட்டுவதோடு அது ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் ஓர் ஆர்டரின் தொகை என்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது அல்லது இரட்டையாக விழுந்திருக்கிறது. ஆர்டர் தொகையில் இரு மடங்கு என்றால் பற்றும் வரவும் இடம் மாறியிருக்கிறது. குறி மாறிய அந்தக் கிரெடிட் நோட்டுக்கு 4,200 காட்டியது. 49.56 போலச் சில்லறை என்றால் கட்டணம். எந்த ஆர்டர் என்று தேடிப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆகும்.

கேஷ் ஆன் டெலிவரிக்கும் இதே ஏற்பாடுதான், கேட்வேயின் இடத்தில் கூரியர் கணக்கு. ஆனால் அதில் எங்களுக்கு ஆர்டர் குறைவு, ஆறு மாத அனுபவம்தான். டெலிவரி ஆகாமல் திரும்பும் பார்சல்கள் நிறைய உள்ளவர்கள் என் வார்த்தையை மட்டும் நம்பி மாற வேண்டாம். அதேபோல ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பில் போடும் மளிகைக் கடைக்கு நாள் மொத்தமே சரியாக இருக்கலாம். அங்கே திரும்பல் பெரும்பாலும் கல்லாவிலேயே அன்றே முடிந்துவிடும். அப்படிச் செய்தாலும், கூட்டுவது கேட்வே அறிக்கையை அல்லாமல் பில் பட்டியலாக இருக்கட்டும். பதிவு செய்த வியாபாரிகளுக்குப் போடும் பில்களையும் மொத்தத்தில் சேர்க்காதீர்கள்; விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலில் அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போக வேண்டும்.

இந்த மார்ச் 31 அன்று எங்கள் முன்பணக் கணக்கில் பதினொரு ஆர்டரின் பணம் நின்றது. பதினொன்றும் அடுத்த நாள் கட்ட வேண்டிய பார்சல்களாக மேசைமேல் இருந்தன.