ஒற்று மிகும் பாடம்: தனித்தாளா, ஒரே பத்தியா, குறிப்பு அட்டையா?

வல்லினம் மிகும் இடங்களைப் பாடமாக எடுத்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும். வகுப்பில் ஒருவருக்கு வேற்றுமை உருபு எது என்றே பிடிபட்டிருக்காது. இன்னொருவர் விதியைக் கடகடவென்று ஒப்பிப்பார், எழுதும்போது கோட்டை விடுவார். மூன்றாமவர் காதுப் பழக்கத்தில் சரியாக எழுதிவிடுவார், ஏன் என்று கேட்டால் விழிப்பார். மூவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் முதலாமவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவார், மூன்றாமவர் பாதி நேரத்தில் முடித்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.

வேலையை நிலைவாரியாகப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தாள் தருவது ஒன்று. எல்லாருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்து, அதை வைத்துச் செய்யும் வேலையை மட்டும் மாற்றுவது இன்னொன்று. ஒரே வேலையைக் கொடுத்து, கிடைக்கும் உதவியை மாற்றுவது மூன்றாவது. சீக்கிரம் முடித்தவர்களுக்கு இன்னும் இருபது கோடிட்ட இடங்களைக் கொடுப்பதையும் சிலர் இதில் சேர்ப்பார்கள். அது நேரத்தை நிரப்பும் வேலை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

தனித்தாள் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் தொடக்க நிலைத் தாளைத் தயாரிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. எளிமையாக இருக்கட்டும் என்று ஒற்று மிகும் இடங்களாகவே பொறுக்கிப் போட்டுவிடுவோம்: நூலைப் படித்தான், வீட்டுக்குப் போனான், அந்தப் பெண். பத்துக்குப் பத்து வாங்கிவிடுவார்கள். ஆனால் அவர்கள் கற்றது விதியை அல்ல, ‘இடைவெளி தெரிந்தால் ஒற்றைப் போடு’ என்பதை மட்டும்தான். மறுநாள் கட்டுரையில் ‘வந்துப் போனான்’, ‘படித்தக் கதை’, ‘அண்ணனோடுச் சென்றான்’ என்று வந்து நிற்கும். ஒற்றை விட்டுவிடுவதைவிடத் தேவையில்லாத இடத்தில் போடும் பழக்கத்தைத் திருத்துவதுதான் கடினம். மிகா இடங்கள் இல்லாத தாள் எவ்வளவு எளிதாக இருந்தாலும் அது இந்தப் பாடத்துக்கான தாள் அல்ல.

இன்னொரு தொல்லை, விடை பார்க்கும் நேரம். மூன்று தாள் என்றால் மூன்று விடைப் பட்டியல். ஒரு குழுவுக்கு விடை சொல்லும்போது மற்ற இரண்டு குழுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

குறிப்பு அட்டைக்கு வருவோம். தயாரிப்பு வேலை குறைவு என்பது இதன் பெரிய கவர்ச்சி. எல்லாரும் அதே பயிற்சியைச் செய்வார்கள். தேவைப்படுகிறவரின் மேசையில் கவிழ்த்து வைத்த அட்டைகள் இருக்கும். ஒன்றில் ‘முதல் சொல் எப்படி முடிகிறது?’ என்றும், அடுத்ததில் ‘யாரை, எதை, எதற்கு என்று கேட்டால் விடையாக வருகிறதா?’ என்றும் இருக்கும். முதலில் பென்சிலால் விடையை எழுதிய பிறகுதான் அட்டையைத் திருப்பலாம் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் அட்டையைப் பார்ப்பார்கள். அட்டையை எடுத்த அன்று மதிப்பெண் சரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று பொருள். இந்த வழியின் உண்மையான குறை மேல்நிலையில் இருப்பவர்களிடம் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு உதவி கூடுகிறதே தவிர, மேலே இருப்பவர்களுக்குச் சவால் கூடவில்லை.

எனக்குப் பிடித்தது ஒரே பத்தி வழி. இந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம். வேண்டுமென்றே எங்கும் ஒற்று இல்லாமல் எழுதியிருக்கிறேன்:

‘அந்த பையன் எழுந்து பாடத்தை படித்தான். தம்பி கேட்ட கேள்விக்கு பதில் சொன்னான். நண்பனோடு பள்ளிக்கு சென்றான். ஆசிரியர் வர சொன்னதும் ஓடி போனான்.’

வல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் உள்ள இடங்களை எண்ணினால் 11 வரும். அவற்றில் ஆறில் மிகும்: அந்தப் பையன், பாடத்தைப் படித்தான், கேள்விக்குப் பதில், பள்ளிக்குச் சென்றான், வரச் சொன்னதும், ஓடிப் போனான். மற்ற ஐந்தில் மிகாது. இந்தக் கலவை முக்கியம்.

முதல் படியில் இருப்பவர்களுக்கு நான்கே சொற்கள்: பாடத்தை, கேள்விக்கு, நண்பனோடு, பள்ளிக்கு. உருபை வட்டமிட வேண்டும், அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும், ஒற்று வருமா என்று முடிவு செய்ய வேண்டும். ஐ, கு இரண்டுக்கும் மிகும், ஓடு உருபுக்கு மிகாது. அந்த ‘நண்பனோடு’ இல்லையென்றால் மேலே சொன்ன பொறியில்தான் விழுவோம்.

இரண்டாம் படியில் இருப்பவர்கள் 11 இடங்களையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொல்லில் காரணம் எழுத வேண்டும். ‘கேட்ட கேள்வி’ என்றால் பெயரெச்சம், மிகாது. ‘வர’ என்றால் அகரத்தில் முடியும் வினையெச்சம், மிகும். காரணம் எழுதாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான். காதுப் பழக்கத்தில் எழுதுகிறவர்கள் உண்மையில் இந்தப் படிக்குத்தான் வர வேண்டும். விடை சரியாக இருக்கிறதே என்று அவர்களை நேராக மேலே ஏற்றிவிடுவது வழக்கம், அங்கே போய்த் திணறுவார்கள்.

மூன்றாம் படியில் ஒற்றைப் போடும் வேலையே இல்லை. பத்தியில் ‘எழுந்து’ என்பதன் பின் மிகவில்லை. ‘எடுத்துப் படித்தான்’ என்பதில் மிகுகிறது. இரண்டும் உகரத்தில் முடியும் வினையெச்சம்தான், அப்படியானால் வேறுபாடு எங்கே? வந்து பார்த்தான், செய்து பார்த்தான், கேட்டுப் பார்த்தான், படித்துப் பார்த்தான் என்று அவர்களே எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தால், கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் நிற்கும்போது மட்டும் மிகுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். வன்தொடர்க் குற்றியலுகரம் என்ற பெயரை அதன் பிறகு சொன்னால் போதும். நேரம் இருந்தால் இன்னொரு கேள்வி: ‘வேலை கொடுத்தான்’, ‘வேலைக் கொடுத்தான்’ இரண்டிலும் கொடுத்தது எது? முன்னதில் பணி, பின்னதில் வேல். (யாராவது ஒருவர் ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்று ஆரம்பிப்பார். அதை இன்னொரு நாளைக்கு ஒத்திப்போடுங்கள், வகுப்பே போய்விடும்.)

45 நிமிட வகுப்பில் இதற்கு 20 நிமிடம் போதும், பலகையில் திருத்த 10 நிமிடம். இங்கேதான் ஒரே பத்தியின் ஆதாயம் தெரியும். ‘நண்பனோடு பள்ளிக்கு’ பற்றி முதல் படியில் இருப்பவர் சொல்லலாம், ‘கேட்ட கேள்வி’யை இரண்டாம் படி பார்த்துக்கொள்ளும், ‘எழுந்து பாடத்தை’ ஏன் மிகவில்லை என்பதை மூன்றாம் படி விளக்கும். எல்லாருடைய கண்ணும் ஒரே வரியில் இருக்கும்.

யார் எந்தப் படி என்பதை இந்தப் பாடத்துக்காகவே முடிவு செய்ய வேண்டும், போன தேர்வின் மதிப்பெண்ணை வைத்து அல்ல. ஒற்று இல்லாத ஆறு தொடர்களை எழுதிக் கொடுத்து, திருத்தவும் காரணம் சொல்லவும் ஐந்து நிமிடம் விட்டால் தெரிந்துவிடும். சொல்லி எழுத வைக்காதீர்கள். ‘பாடத்தைப் படித்தான்’ என்று வாயால் சொன்னாலே ப் காதில் விழுந்துவிடும், சோதனை வீண்.

இந்த வழி எடுபடாத இடமும் உண்டு. க, ச, த, ப எது, பெயர்ச்சொல் எது, உருபு எது என்றே தெரியாதவருக்கு அந்தப் பத்தி வெறும் இரைச்சல். அவருக்குத் தனித்தாள்தான் சரி, அதுவும் ஒற்றைப் பற்றியே பேசாமல் உருபுகளைப் பிரித்தெடுக்கும் தாள். அதே போல, முதல் படியிலேயே ஒருவர் திணறினால் இரண்டாம் குறிப்பு அட்டையை மட்டும் கையில் கொடுக்கலாம். நான்கு சொற்களையும் அட்டை இல்லாமல் சரியாகச் செய்து, நண்பனோடு என்பதற்குப் பின் ஏன் மிகவில்லை என்றும் சொல்லிவிட்டால், அடுத்த வகுப்பில் புதுப் பத்தியோடு அவருக்கு இரண்டாம் படி வேலை.