"கேஷ்லெஸ் ரிஜெக்ட் ஆயிட்டு" என்று கவுன்டரில் சொன்னால் மறுப்புக் கடிதத்தைக் கேளுங்கள்: எங்கள் வீட்டில் 1,86,400 ரூபாய் படுத்திய பாடு

நம்ம மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. நாகர்கோவிலை விட்டால் மார்த்தாண்டம், அதையும் தாண்டினால் திருவனந்தபுரம். பாதிப் பேர் கையில் ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டும் இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டையைச் சொல்லவில்லை, நாமே பிரீமியம் கட்டி எடுக்கிற பாலிசியைச் சொல்கிறேன். அந்தக் கார்டை வைத்துக்கொண்டே எங்களை ரொக்கம் கட்ட வைத்த ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றியது இந்தப் பதிவு. பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது.

என் மாமனாருக்கு 62 வயது. தக்கலைக்கு மேற்கே சொந்த ரப்பர் விளை. மழை விட்ட காலையில் பால் எடுக்கப் போனவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒட்டுகிற இடத்தில் தொடையெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே உலோகக் கம்பி வைத்துப் பொருத்த வேண்டும், உடனே ஆபரேஷன் என்றார்கள். பாலிசி 5 லட்சத்துக்கு. ஆஸ்பத்திரி அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் பட்டியலில் இருந்தது. நாம் ரொக்கம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவதுதான் கேஷ்லெஸ். சேர்க்கும்போதே கேட்டோம், "கேஷ்லெஸ் உண்டு, கவலைப்படாதீங்க" என்றார்கள். இ-கார்டு, ஆதார், டாக்டர் எழுதித் தந்த ப்ரீ-ஆத் என்கிற முன் அனுமதிப் படிவம் எல்லாம் இன்சூரன்ஸ் கவுன்டரில் கொடுத்தாயிற்று. கேஷ்லெஸ்ஸுக்கு நம் பக்கமிருந்து வேண்டிய காகிதம் அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பார்க்கிற டிபிஏ எனப்படும் மூன்றாம் தரப்பு நிறுவனத்துக்கும் இடையில் நடக்கிறது. வசதி அதில்தான் இருக்கிறது, ஏமாற்ற இடமும் அதில்தான்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். கவுன்டரில் இருந்த பிள்ளை மச்சினனைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க கேஷ்லெஸ் ரிஜெக்ட் ஆயிட்டு. இப்ப ரொக்கமா கட்டுங்க, பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட்ல முழுசா வாங்கிக்கலாம்" என்றது. அவன் எனக்குப் போன் போட்டு, "அத்தான், ஆபரேஷன் தியேட்டர் நாலு மணிக்காம், பணம் கட்டினாத்தான் எடுப்பாங்களாம்" என்றான். நகையை வைத்து ஒன்றரை லட்சம் புரட்டிக் கட்டினோம். மீதியை டிஸ்சார்ஜ் அன்றைக்கு.

ரிஜெக்ட் ஆகவே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கிய விவரம் இது. ஆஸ்பத்திரியிலிருந்து விண்ணப்பம் போனது காலை 9.52. டிபிஏ 10.40-க்கு ஒரு குவெரி அனுப்பியிருக்கிறது. விழுந்தது எப்படி, ஏஆர் எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பி உண்டா, மது அருந்தியிருந்தாரா என்பதற்கு டாக்டரின் சான்று. விபத்து கேஸ் என்றால் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள்தான். டாக்டர் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். கவுன்டரில் யாரும் பதில் அனுப்பவில்லை. பதில் வராததால் டிபிஏ கேஷ்லெஸ்ஸை மறுத்தது மாலை 4.30-க்கு. எங்களிடம் "ரிஜெக்ட்" என்று சொன்னது அதற்கு நாலு மணி நேரம் முன்னால்!

குவெரி வந்த குறுஞ்செய்தி நமக்கு ஏன் வரவில்லை என்று பார்த்தால், பாலிசியில் பதிவான கைபேசி எண் ஏஜென்டுடையது. பாலிசி எடுக்கும்போது அவரே நிரப்பிக்கொண்டது. "நான் அன்னைக்குக் கல்யாண வீட்டுல இருந்தேன் மக்கா, பாக்கல" என்றார். உங்கள் பாலிசியில் யார் எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கம்பெனியின் ஆப்பில் அல்லது கஸ்டமர் கேரில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி ஏன் இப்படிச் செய்கிறது என்றால், கேஷ்லெஸ் என்றால் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட விலைக்குத்தான் பில் போட முடியும். அந்தப் பணமும் நாள் கழித்து, டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வரும். நோயாளி ரொக்கமாகக் கட்டினால் விலை அவர்கள் விலை, பணம் அன்றைக்கே.

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் நேரக் கணக்கு சொல்லியிருக்கிறது. கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்குக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி பில்லுக்கு மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, அதனால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அதையும் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஆனால் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரி காகிதத்தை அனுப்பின பிறகு. டாக்டர் காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பார், பில்லிங்கில் மதியம் இரண்டுக்கு அனுப்புவார்கள், பழி மட்டும் "இன்சூரன்ஸ்காரன் லேட்டாக்குறான்" என்று வரும். எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டு, க்ளெய்ம் எண்ணை வாங்கி, டிபிஏ இணையதளத்திலோ ஆப்பிலோ நிலவரத்தை நீங்களே பாருங்கள். அங்கே குவெரி நிலுவையில் என்று இருந்தால் அது மறுப்பு அல்ல.

இன்னொன்றும் உண்டு. உண்மையாகவே கேஷ்லெஸ் மறுக்கப்பட்டாலும் க்ளெய்ம் மறுக்கப்பட்டதாக ஆகாது. எங்களுக்கு வந்த மறுப்புக் கடிதத்திலேயே கடைசி வரி, "ஆவணங்களுடன் ரீஇம்பர்ஸ்மென்டுக்கு விண்ணப்பிக்கலாம்" என்பதுதான்.

விண்ணப்பித்தோம். அதற்கப்புறம்தான் காகித வேட்டை. கேஷ்லெஸ்ஸில் ஆஸ்பத்திரி அனுப்பியிருக்க வேண்டிய ஒவ்வொன்றையும் இப்போது நாம் அலைந்து சேர்க்க வேண்டும், அதுவும் அசலாக. க்ளெய்ம் படிவத்தில் முதல் பகுதி நாம் நிரப்புவது, இரண்டாவது பகுதி ஆஸ்பத்திரி நிரப்பி முத்திரை போட வேண்டியது. டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்துப் போட்ட இறுதி பில், பணம் கட்டின ரசீதுகள், மருந்துச் சீட்டோடு சேர்த்த மருந்து பில், எக்ஸ்-ரே படமும் ரிப்போர்ட்டும், கேன்சல் செய்த செக், பான், ஆதார். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து பெரும்பாலான பாலிசிகளில் 15 முதல் 30 நாளுக்குள் இவை போய்ச் சேர வேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டுக் கொடுத்தோம். அது பின்னால் பெரிய உதவி.

எங்கள் பில் இப்படி: அறை 20,000, நர்ஸிங் 6,000, டாக்டர்கள், மயக்க மருந்து, தியேட்டர் சேர்ந்து 66,000, உள்ளே வைத்த கம்பி 42,000, மருந்தும் சாமானும் 34,400, பரிசோதனைகள் 18,000. மொத்தம் 1,86,400. கம்பெனியிலிருந்து முதலில் வந்தது 1,19,600.

மூன்று இடத்தில் வெட்டு. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, பாலிசியே தராது என்று பட்டியலிட்ட சாமான்களுக்கு 6,800. இது கேஷ்லெஸ்ஸிலும் நாம்தான் கட்டியிருப்போம், அதில் வழக்கில்லை.

இரண்டாவது, கம்பிக்கான 42,000 முழுதும் நிறுத்தி வைப்பு. காரணம், ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் இல்லை. எலும்புக்குள் வைக்கிற கம்பிக்கும், தகட்டுக்கும் பொதுவாகத் தயாரிப்பாளர் பெயரும் லாட் எண்ணும் போட்ட ஸ்டிக்கர் வரும், அதை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டி வைப்பார்கள். அதன் நகலும், சப்ளையர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த இன்வாய்ஸும் வேண்டும். கேட்டால், "அதெல்லாம் ஃபைலில் இருக்கு, ஃபைல் ரெக்கார்ட் ரூமுக்குப் போயாச்சு" என்றார்கள். இன்வாய்ஸைத் தரத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் அவர்கள் வாங்கின விலை தெரிந்துவிடும். கடைசியில் எழுத்து மூலம் கேட்டோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியில் இருக்கிறது. அந்த வரியைக் கடிதத்தில் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். ஸ்டிக்கர் நகல் வந்தது, இன்வாய்ஸும் பின்னாடியே வந்தது. 42,000 கிடைத்தது.

ஆனால் அதற்குள் டிபிஏ ஒரு தடவை ஏஆர் காப்பி, இன்னொரு தடவை எக்ஸ்-ரே என்று தவணை முறையில் கேட்டுக்கொண்டே இருந்தது. இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், பணம் தரத் தாமதமானால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தர வேண்டும் என்று விதி உண்டு, ஆனால் அந்தக் காலக்கெடுவைக் கடைசி ஆவணம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் எங்களுக்குக் கணக்கிட்டார்கள். புதிதாக ஒன்று கேட்ட போதெல்லாம் கடிகாரம் திரும்பவும் பூஜ்யத்துக்கு வந்தது. "வேண்டியதையெல்லாம் ஒரே கடிதத்தில் கேளுங்கள்" என்று குறை தீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்ட பிறகுதான் அது நின்றது. இதற்கிடையில் நகைக்கடனுக்கு மாசம் 1,500 வட்டி போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வெட்டுதான் எனக்கு எரிச்சல். 66,000 போட்ட இடத்தில் கம்பெனி 48,000-தான் தந்தது. அந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் செய்த விலை அது. கேஷ்லெஸ்ஸில் போயிருந்தால் ஆஸ்பத்திரி 48,000-க்கு மேல் போட்டிருக்கவே முடியாது. 18,000 எங்கள் தலையில். "பிறகு முழுசா வாங்கிக்கலாம்" என்று சொன்னதன் விலை.

கம்பெனி மீது குறை என்றால் முதலில் அவர்களுடைய குறை தீர்ப்பு அதிகாரி, பிறகு ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான bimabharosa.irdai.gov.in, ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்தாலும், நம் வீட்டு முகவரி தமிழ்நாட்டில் இருந்தால் சென்னைக்கே போகலாம். ஆனால் ஆம்பட்ஸ்மன் இன்சூரன்ஸ் கம்பெனியைத்தான் கேட்க முடியும், ஆஸ்பத்திரியைக் கேட்க முடியாது. அதனால் அந்த 18,000-க்கும் நகைக்கடன் வட்டிக்கும் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். நாலு மணிக்கு முன்னால் கட்டின ரொக்க ரசீது, 4.30-க்கு மறுப்புக் கடிதம், இரண்டும் முதல் இணைப்புகள்.

ஆஸ்பத்திரி தந்த பதிலில் "நோயாளி தரப்பு விருப்பப்பட்டே ரொக்கமாகச் செலுத்தியது" என்று இருக்கிறது. சேர்க்கும்போது கையெழுத்து வாங்கின காகிதக் கட்டுக்குள் அப்படி ஒரு தாளும் இருந்திருக்கிறது. அவசரத்தில் நீட்டுகிற தாள்களில் "கேஷ்லெஸ் வேண்டாம்", "சுயவிருப்பம்" என்று வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் "கேஷ்லெஸ் கோரியுள்ளேன்" என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ரசீதின் ஆஸ்பத்திரி நகலிலும் "மறுப்புக் கடிதம் தரப்படவில்லை" என்று எழுதி, அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.