எல்லா நாட்டுக்கும் ஒரே ஸ்பானிஷ்: எக்செல் பாட வீடியோவில் கண்டது

எக்செல் அடிப்படைப் பாடம் ஒன்றை மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை, கூடவே ஸ்பெயினுக்கும், ஒரே ஸ்பானிஷ் வீடியோவாகக் கொடுத்து வருகிறோம். ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகள் 20. நாட்டுக்கு ஒரு பதிவு என்பது கட்டுப்படியாகாது. அதனால் டப்பிங்காரர்கள் 'எஸ்பஞோல் நெவுத்ரோ' என்று சொல்லும் நடுநிலை ஸ்பானிஷை எடுத்துக்கொண்டோம். சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்ததில், குரலுக்கு அது நன்றாகவே உழைக்கிறது. திரையில் தெரியும் எண்களுக்கு மட்டும் கை கொடுக்கவில்லை.

முதலில் குரல். 'ஸ' ஒலியை விழுங்காமல், அர்ஜென்டினாக்காரர்கள் போல 'ய'வை 'ஷ' ஆக்காமல், ஊர் ராகம் இல்லாமல் பேசும் மெக்சிகோ குரல் எடுத்தோம். அர்ஜென்டினாவில் முணுமுணுப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அங்கே டிவிக்கான டப்பிங் நடுநிலை ஸ்பானிஷில்தான் இருக்க வேண்டும் என்று 1986-லேயே சட்டம் உண்டு. காது பழகிய மொழிதான்.

பார்ப்பவரை எப்படி அழைப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். 'நீ' என்பதற்கு மெக்சிகோவில் 'தூ' சகஜம், அர்ஜென்டினாவில் 'வோஸ்', கொலம்பியாவில் பல இடங்களில் நண்பர்களுக்குள்ளேயே மரியாதையான 'உஸ்தெத்'. எங்கள் ஸ்கிரிப்ட் எழுதுபவர் கட்டளை வினையையே விட்டுவிட்டு, "இந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், இங்கே எழுதுகிறோம்" என்று முழுப் பாடத்தையும் தன்மைப் பன்மையில் அமைத்தார். 'நாம்' வடிவம் எல்லா நாட்டிலும் ஒன்றே. இந்த ஒரு முடிவு பாதித் தலைவலியைத் தீர்த்தது.

சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு ஸ்பெயினில் ஒரு பெயர், மெக்சிகோவில் வேறு, சிலியில் இன்னொன்று. ஆகவே 'சாதனம்' என்ற பொதுச்சொல். ஸ்பெயினில் 'எடு' என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் 'கோஹேர்', மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. அந்தப் பக்கமே போகவில்லை. பயிற்சிக் கோப்பில் மளிகைப் பட்டியல் வைத்தால் பீன்ஸுக்கும் அன்னாசிக்கும் ஊருக்கு ஒரு பெயர் வரும். அரிசி, சர்க்கரை, பால் என்றால் எங்கும் ஒரே சொல்.

இனிதான் உண்மையான தொல்லை. தசமத்துக்கு மெக்சிகோ புள்ளி வைக்கிறது. அர்ஜென்டினா, கொலம்பியா, சிலி, ஸ்பெயின் எல்லாம் காற்புள்ளி வைக்கின்றன. தசமத்துக்குக் காற்புள்ளி போய்விட்டால், சூத்திரத்தின் பகுதிகளைப் பிரிக்க எக்செல் அரைப்புள்ளி கேட்கும். மதிப்பெண் 7.5-க்கு மேல் போனால் பாஸ் என்ற எளிய பாடத்தைப் பாருங்கள். `SI` என்பது `IF`-இன் ஸ்பானிஷ் பெயர். முதல் வரி மெக்சிகோவில் ஓடும், இரண்டாவது அர்ஜென்டினாவில்:

```
=SI(B2>7.5,"Sí","No")
=SI(B2>7,5;"Sí";"No")
```

இடம் மாற்றி அடித்தால் இரண்டுமே பிழை காட்டும். மாணவரோ வீடியோவில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அடித்திருப்பார். இது மொழியாக்கப் பிரச்சினை அல்ல, விண்டோஸின் வட்டார அமைப்பு சம்பந்தப்பட்டது. வசனக் கோப்புக்கு `es-419`, அதாவது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் என்று பெயர் வைத்தாலும் தீராது, ஏனென்றால் அந்த ஒரே குறியீட்டுக்குள் மெக்சிகோவும் இருக்கிறது, அர்ஜென்டினாவும் இருக்கிறது.

இப்போது பாடத்தில் உள்ள எல்லை மதிப்புகள் முழு எண்கள்தான், 7.5-க்குப் பதில் 7. முதல் சில சூத்திரங்களைக் கையால் அடிக்காமல் `fx` பொத்தானை அழுத்தி வரும் பெட்டியில் நிரப்புகிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டம் இருப்பதால், பிரிக்கும் குறியை எக்செலே அந்தந்த ஊர் வழக்கப்படி போட்டுக்கொள்ளும். கையால் அடிக்கும் இடம் வரும்போது, சூத்திரத்துக்குக் கீழே தோன்றும் சிறு குறிப்பைக் குரல் சுட்டிக்காட்டும். அதில் எந்தக் குறி தெரிகிறதோ அதுதான் உங்கள் கணினிக்கு உரியது. பின்னூட்டங்களில் "சூத்திரம் வேலை செய்யவில்லை" என்ற புலம்பல் இதற்கப்புறம்தான் அடங்கியது.

பயிற்சிக் கோப்பை CSV-யாகக் கொடுக்கவே கூடாது. அதில் `1.250` என்று இருந்தால் மெக்சிகோவில் ஒன்றேகால், அர்ஜென்டினாவில் ஆயிரத்து இருநூற்றைம்பது. பிழைச்செய்திகூட வராது, கூட்டுத்தொகை மட்டும் தப்பாகும். XLSX கோப்பில் எண் எண்ணாகவே சேமிக்கப்படுவதால் அந்தந்த நாட்டு வடிவில் தானாகத் தெரியும்.

ஸ்பெயின் மட்டும் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. மாட்ரிட்காரர் காதுக்கு எங்கள் நடுநிலைக் குரல் அப்பட்டமான லத்தீன் அமெரிக்கக் குரல்தான். புரிகிறது, ஆனால் தங்களுக்காகச் செய்தது இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து வருபவர்கள் குறைவு என்பதால் `es-ES` வசனம் மட்டும் தனியாகப் போட்டிருக்கிறோம். கணிசமாகக் கூடினால் குரலையும் தனியாகப் பதிவு செய்வேன்.