"ஹாஃப் கட் பேனல் சார், நிழலே பிரச்சினையில்லை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

மாடியில் 540 வாட் சோலார் பேனல் ஆறு போட்டிருக்கிறோம், செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த ஹாஃப் கட் வகை. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த ஒரே ஸ்ட்ரிங். பிற்பகலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டு பேனலின் கீழ்ப்பாதியில் விழும். ஆர்டர் கொடுக்கும்போதே இதைக் காட்டிக் கேட்டேன். "ஹாஃப் கட்டில் பாதி மறைந்தாலும் மீதிப் பாதி கரண்ட் தரும்" என்றார் பேனல் போட வந்தவர். முழு வெயில் கணக்கில் பார்த்தால் நான்கு முழுப் பேனலும் இரண்டு அரைப் பேனலும் சேர்ந்து 2,700 வாட் வரவேண்டும். வரவில்லை.

அவர் சொன்னது தனிப் பேனலுக்குத்தான் பொருந்தும். ஹாஃப் கட் பேனலில் மேல்பாதியும் கீழ்பாதியும் பேரலலாக இணைந்திருக்கும். கீழ்பாதி மறைந்தால் வோல்டேஜ் அப்படியே நிற்கும், கரண்ட் பாதியாகும். ஆனால் ஸ்ட்ரிங்கில் எல்லாப் பேனலும் சீரிஸ், எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓட முடியும். வெயிலில் இருக்கும் நான்கும் 13 ஆம்பியர் தள்ளும்போது, 6.5 ஆம்பியர் மட்டுமே தரக்கூடிய அந்த இரண்டையும், கரண்டுக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் டயோடு ஒதுக்கிவிடும். மிஞ்சுவது நான்கு பேனல், சுமார் 2,160 வாட். பழைய முழு செல் பேனல் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

எங்கள் வீட்டில் அதுவும் கிடைக்கவில்லை. இன்வெர்ட்டரில், நிழலிலும் அதிகப் பவர் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கும் நிழல் ஸ்கேன் அமைப்பை ஆன் செய்யாமலே போயிருக்கிறார்கள். இன்வெர்ட்டர் ஆறு பேனலையும் பாதிக் கரண்டிலேயே ஓட்டி, 1,700 வாட்டுக்குரிய இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. ஸ்ட்ரிங்கின் எல்லாப் பேனலிலும் கீழ்வரிசை ஒன்றுபோல மறையும் இடத்தில் ஹாஃப் கட் உண்மையிலேயே உதவும். தொட்டி, மரம் என்று ஓரிரண்டு பேனலில் மட்டும் விழும் நிழலுக்கு, அந்தப் பேனல்களை மற்றவற்றைச் சாராமல் தனியாக இயங்க வைக்கும் ஆப்டிமைசர் வேண்டும்.

இரண்டாவது ஏமாற்று, ஹாஃப் கட் என்றாலே சூட்டைத் தாங்கும் என்பது. செல்லைப் பாதியாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் கரண்ட் பாதி. கம்பித் தடையில் வீணாவது கால்வாசியாகும், ஓரிடம் மட்டும் அதிகம் சூடேறும் ஹாட் ஸ்பாட்டும் குறையும். நல்ல விஷயம்தான். ஆனால் வெயிலில் சூடேறும்போது பவர் எவ்வளவு குறையும் என்பதைச் செல்லின் வகைதான் தீர்மானிக்கிறது, வெட்டு அல்ல. பெர்க் வகையில் டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம், டாப்கானில் 0.30, ஹெச்ஜேடியில் 0.26 அளவு குறையும். செல் 65 டிகிரிக்குப் போனால், பேனலின் வாட்டை அளக்கும் 25 டிகிரியைவிட 40 அதிகம். பெர்க்கில் 14 சதவீதம் போகும், டாப்கானில் 12. கொட்டேஷனில் டாப்கான் என்று எழுதி, அதற்கென்று கூடுதல் விலையும் போட்டிருந்தார். பேனலின் பின்புற ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணை வைத்து டேட்டாஷீட்டைத் தேடினேன். `Temperature Coefficient of Pmax` என்ற வரியில் `-0.35%/°C`. வந்திருப்பது பெர்க்!

கேட்டதற்கு, "எல்லாம் ஹாஃப் கட்தானே சார்" என்கிறார். பெர்க், டாப்கான், ஹெச்ஜேடி மூன்றுமே ஹாஃப் கட்டாக வருகின்றன. அந்தப் பெயரை வைத்து வகை தெரியாது. பேனலை மேலே ஏற்றுவதற்கு முன்பே ஸ்டிக்கரைப் படம் எடுத்து டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள், ஏற்றிய பிறகு பின்பக்கம் பார்ப்பது பெரும்பாடு. ஆப்டிமைசர் இரண்டைத் தன் செலவிலேயே போடுவதாக இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார். பேனல் விலை வித்தியாசத்தைக் கழிக்காமல் மீதிப் பணம் தரமாட்டேன் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டேன்.