கும்பகோணத்தில் பதினெட்டு நாள் லீவு, பேங்க் மேனேஜருக்கு மூன்று கடிதம்

ஷார்ஜாவிலிருந்து கிளம்பும்போதே பையில் மேனேஜருக்கு ஒரு கடிதம் இருந்தது. கம்பெனி சைட் நின்றுபோய், ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊரில் கட்டிய வீட்டுக்கு இன்னும் 18 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, பத்து வருடம் பாக்கி. மாதத் தவணை 22,802 ரூபாய். ரூம் வாடகையும் மெஸ்ஸும் போக ஊருக்கு அனுப்ப முடிவது 34,000. அதில் வீட்டுச் செலவு, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 20,000 போய்விடும்.

கிளையில் பாஸ்புக் பிரிண்ட் போடும் கூட்டத்தைத் தாண்டி லோன் ஆபீசர் அம்மாவிடம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"சார், குடும்ப சூழ்நிலை, கருணை கூர்ந்துன்னு ரெண்டு பக்கம் இருக்கு. எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாசம்? அது எங்கேயும் இல்லையே. முடிவு எடுக்கிறது நான் இல்லை, தஞ்சாவூர்ல இருக்கிற லோன் சென்டர். அவங்க உங்க முகத்தைப் பார்க்க மாட்டாங்க, பேப்பரைத்தான் பார்ப்பாங்க."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. எதிரே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்லாரும் சொல்வது போலக் கடனைப் பதினைந்து வருடமாக நீட்டினால் தவணை 18,257 ஆகும். அது அப்போதும் என்னால் முடியாத தொகை. போதாக்குறைக்கு மொத்த வட்டி ஐந்தரை லட்சம் கூடும். ஆறு மாதம் வட்டியை மட்டும் கட்டினால் மாதம் 13,500. அசல் அப்படியே நிற்கும், கடன் ஆறு மாதம் தள்ளி முடியும், கூடுதல் செலவு 81,000தான். ஆறு மாதக் கஷ்டத்துக்கு ஐந்து வருட நீட்டிப்பு எதற்கு?

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம்:

"பொருள்: வீட்டுக்கடன் தவணையை ஆறு மாதங்களுக்கு வட்டி அளவுக்குக் குறைத்தல் தொடர்பாக.

ஐயா, மேற்கண்ட கடனில் நானும் என் மனைவியும் கடன்தாரர்கள். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. என் சம்பளம் ஆறு மாதங்களுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டுள்ளது. நிறுவனத்தின் கடிதமும் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். இந்த ஆறு மாதமும் வட்டி ரூ.13,500ஐத் தவறாமல் செலுத்துவேன். ஏழாம் மாதம் முதல் பழைய தவணையே தொடரலாம். கடன் முடியும் தேதியை ஆறு மாதம் தள்ளித் தர வேண்டுகிறேன். இந்தச் சலுகை என் கணக்கில் எப்படிப் பதியப்படும் என்பதை, ஒப்புதலுக்கு முன் எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதும் அந்த அம்மாதான். தவணை தேதி தாண்டினால் அன்றைக்கே கணக்கு எஸ்.எம்.ஏ. என்ற கண்காணிப்புப் பட்டியலுக்குப் போய்விடும், 90 நாள் தாண்டினால் வாராக்கடன். நான் முன்கூட்டியே வந்ததால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நெருக்கடியில் இருப்பவருக்குத் தரும் சலுகைக்கு 'மறுசீரமைப்பு' என்றே பெயர். ஒரு தவணையும் தவறாத கணக்கைக்கூடப் பெரும்பாலும் அதனாலேயே வாராக்கடன் வகைக்கு இறக்கிவிடுவார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டிலும் அது தெரியும். இதைக் கவுன்டரில் யாரும் தானாகச் சொல்வதில்லை.

இரண்டு பிரதி கொண்டுபோனேன். தபால் வாங்கும் தம்பி, "வச்சிட்டுப் போங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்றார். என் பிரதியில் தேதியோடு இன்வர்டு சீல் விழும்வரை நகரவில்லை. மை காய்ந்துபோன சீல், மூன்று முறை குத்தின பிறகுதான் தேதி தெரிந்தது. நாலாம் நாள் லோன் சென்டருக்கு போன் செய்தபோது "லெட்டரே வரலையே" என்றார்கள். சீல் போட்ட பிரதியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், மத்தியானமே கிடைத்துவிட்டது!

பதினோராம் நாள் பதில் வந்தது. தரலாம், ஆனால் மறுசீரமைப்பு என்றே பதிவாகும். துணை ஒப்பந்தத்தில் கடன்தாரர் இருவரும் நேரில் கையெழுத்திட வேண்டும். லீவு முடிந்து போயிருந்தால் இதற்காகத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப அலைந்திருப்பேன்.

ராத்திரி அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மனைவி பழைய தவணையிலிருந்து வட்டித் தொகையைக் கழித்துப் பார்த்தாள். மாதம் 9,302, ஆறு மாதத்துக்கு 55,812. "இவ்வளவுதானா? என் ரெண்டு வளையலுக்குப் போதுமே" என்றாள். சம்பளம் எப்போது திரும்பும் என்றே தெரியாதவருக்கோ, ஏற்கனவே இரண்டு தவணை விட்டவருக்கோ இந்தக் கணக்கு உதவாது. அவர்கள் மறுசீரமைப்பை வாங்கிக்கொள்வதுதான் நல்லது. எனக்குத் திரும்பும் தேதி கம்பெனிக் கடிதத்திலேயே இருந்தது.

மறுநாள் நகையை அடகு வைத்து, ஆறு மாதக் குறைவையும் தவணைக் கணக்கில் போட்டேன். பிறகு கோரிக்கையை வாபஸ் வாங்கி ஒரு வரிக் கடிதம். அதற்கும் இரண்டு பிரதி, அதற்கும் சீல். தம்பி இந்த முறை மை ஊற்றி வைத்திருந்தார்.