இரண்டு முறை வரும் வரிகள்: ஸ்கிரீன்ஷாட் வசனவரிகளோடு நீண்ட நாள் அனுபவம்

நண்பர் ஒருவர் ஒரு நீண்ட செய்முறை விளக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு, "நீங்கள் பயன்படுத்தும் tesseract இதையெல்லாம் ஒழுங்கான பத்திகளாக்கித் தருமா?" என்று கேட்டிருந்தார். காணொளி இப்போது கிடைப்பதில்லை. வசனவரிகளோடு கூடிய படங்கள் மட்டுமே அவரிடம் மிச்சம் இருக்கின்றன. தரும் என்றும் சொல்லலாம், தராது என்றும் சொல்லலாம் என்பதால், அவருக்கான பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படத்தில் இருக்கும் எழுத்தை வாசித்து உரையாக்கும் அந்த நிரலை நிறுவுவதும், தமிழுக்கான `tam.traineddata` கோப்பைச் சேர்ப்பதும் தெரிந்தவை என்று வைத்துக்கொள்கிறேன்.

எழுத்தை வாசிக்கும் திறன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வசனவரி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, கறுப்புப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தாக இருந்தால் நிறத்தைத் தலைகீழாக்கி, எழுத்து சிறியதாக இருந்தால் படத்தை இரு மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தால், கீழ்க்காணும் கட்டளை பெரும்பாலும் நம்பத்தகுந்த உரையைத் தருகிறது. `--psm 6` என்பது படத்தை ஒரே உரைத் தொகுதியாகக் கருதச் சொல்வது; இரண்டு வரி வசனத்துக்கு அது பொருந்துகிறது.

```
tesseract padam_01.png stdout -l tam+eng --psm 6
```

என்னை விடாமல் எரிச்சலூட்டி வந்தது இதற்கு அடுத்த கட்டம். விளக்க உரைகளிலும் நேரலைகளிலும் வரும் வசனவரிகள் பெரும்பாலும் உருண்டு மேலேறும் வகையைச் சேர்ந்தவை. திரையில் இரண்டு வரிகள் இருக்கும். புதிய வரி கீழே வரும்போது, முன்பு கீழே இருந்தது மேலே போகும், மேலே இருந்தது மறையும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படம் எடுத்தால், ஏறக்குறைய எல்லா வரிகளும் இரண்டு முறை கிடைக்கும். வரி முடியும் இடத்துக்கும் வாக்கியம் முடியும் இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. சைக்கிள் சக்கரம் பழுதுபார்ப்பது பற்றிய உரையிலிருந்து நான்கு படங்கள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
படம் 1  சக்கரத்தைக் கழற்றும் முன் காற்றை
        முழுவதும் வெளியேற்ற வேண்டும். மூடியை
படம் 2  முழுவதும் வெளியேற்ற வேண்டும். மூடியை
        மெதுவாகத் திருப்புங்கள்.
படம் 3  மெதுவாகத் திருப்புங்கள்.
        மெதுவாகத் திருப்புங்கள்.
படம் 4  மெதுவாகத் திருப்புங்கள்.
        சத்தம் நின்ற பிறகு கழற்றலாம்.
```

இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, ஒரே மாதிரியான வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம் என்பதுதான். அப்படிச் செய்தால் இரண்டு விதமாக அடி விழும். முதலாவது, பேசுபவர் "மெதுவாகத் திருப்புங்கள்" என்று உண்மையிலேயே இரண்டு முறை சொல்லியிருக்கிறார் என்பது மூன்றாம் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நீக்கும் நிரலுக்கோ மூன்று படங்களில் நான்கு இடங்களில் வரும் அந்த வரி ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது, எழுத்துணரி ஒரே வரியை இரண்டு படங்களில் இரண்டு விதமாக வாசித்தால், ஒரு புள்ளி விடுபட்டாலும் போதும், அவை வேறு வேறு வரிகள் என்று கருதப்பட்டு இரண்டுமே தங்கிவிடும். சரி, முழுப் பொருத்தம் கேட்காமல் ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும் என்று தளர்த்தினால் வேறொரு வம்பு வருகிறது. பைத்தானின் `difflib` கணக்கில் "வந்தான்", "வந்தாள்" ஆகிய இரண்டின் ஒற்றுமை 0.857. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணினால் வரும் ஏழு குறியீடுகளில் ஆறு ஒன்றாக இருக்கும்போது வேறு எப்படி வரும்? 0.85 என்று எல்லை வகுத்தவருடைய உரையில் அவனும் அவளும் ஒருவராகிவிடுவார்கள்.

எனக்கு உதவிய வழி, வரிகளை உரை முழுவதும் தேடி ஒப்பிடாமல், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்குள் இடத்தை வைத்து ஒப்பிடுவது. முந்தைய படத்தின் கீழ்வரியும் இந்தப் படத்தின் மேல்வரியும் ஒன்றானால், வசனம் ஒரு படி மேலேறியிருக்கிறது. எனவே இந்தப் படத்தில் புதியது கீழ்வரி மட்டுமே. அப்படி இல்லாமல் இரண்டு படங்களின் மேல்வரிகளும் ஒன்றாக இருந்தால், வசனம் இன்னும் ஏறவில்லை. கீழ்வரி மட்டும் சொல் சொல்லாக வளர்ந்திருக்கிறது, அல்லது ஒரே காட்சியை இரண்டு முறை படம் எடுத்திருக்கிறோம். அப்போது கடைசியாகக் கிடைத்த கீழ்வரியை வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் தானியங்கி வசனங்கள் பின்னால் வரும் சொல்லைக் கேட்டு முன்னால் எழுதியதைத் திருத்திக்கொள்வதுண்டு.

```python
from difflib import SequenceMatcher

def ondru(x, y):
    return SequenceMatcher(None, x, y).ratio() > 0.8

# படங்கள்: ஒவ்வொன்றும் (மேல்வரி, கீழ்வரி)
urai = list(padangal[0])
for a, b in zip(padangal, padangal[1:]):
    if ondru(a[1], b[0]):        # மேலேறியது
        urai.append(b[1])
    elif ondru(a[0], b[0]):      # கீழ்வரி வளர்ந்தது
        urai[-1] = b[1]
    else:                        # தொடர்பு அறுந்தது
        urai += ["[?]", b[0], b[1]]
```

மேலே உள்ள நான்கு படங்களையும் இதற்குள் விட்டால் ஐந்து வரிகள் வருகின்றன. "மெதுவாகத் திருப்புங்கள்" சரியாக இரண்டு முறை இருக்கிறது. முதலில் மேலேறியதா என்று பார்த்துவிட்டுப் பிறகே வளர்ந்ததா என்று பார்க்கும் வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் மூன்றாம் படத்திலிருந்து நான்காவதுக்குப் போகும்போது மேல்வரிகள் ஒன்றாக இருப்பதைக் கண்டு, இரண்டாவது "திருப்புங்கள்" மீது "சத்தம் நின்ற பிறகு" எழுதப்பட்டுவிடும். பேசுபவர் அதே வரியை மூன்றாம் முறையும் சொல்லியிருந்தால், அல்லது மூன்றாம் படத்தையே இரண்டு முறை எடுத்திருந்தால், இந்த முறை கைவிரித்துவிடும். இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும், ஒலியைக் கேட்டால் மட்டுமே தீரும்.

நான் எதிர்பாராத நன்மை அந்த `[?]` குறியில்தான் இருந்தது. படம் எடுக்கும்போது ஒரு வரியைத் தவறவிட்டால், புதிய படத்தின் மேல்வரி முந்தைய படத்தின் எந்த வரியோடும் பொருந்தாது. நிரல் உடனே அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கீழ்வரி பாதி வளர்ந்திருக்கும்போது எடுத்த படத்துக்கு அடுத்தது மேலேறிய பிறகு எடுத்த படமாக இருந்தாலும் அதே குறி விழும், ஆனால் பார்த்தவுடன் அது எந்த வகை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். எதைக் குப்பை என்று திட்டிக்கொண்டிருந்தேனோ, அந்த இரட்டை வரியே எதுவும் விடுபடவில்லை என்பதற்கான சாட்சி. படங்களைக் கைப்பேசியிலிருந்து கணினிக்கு அனுப்பும்போது பெயரும் நேரமும் மாறி வரிசை கலைந்துவிட்டாலும், ஒன்றின் கீழ்வரியை இன்னொன்றின் மேல்வரியோடு பொருத்திப் பொருத்தி மீண்டும் கோத்துவிட முடிகிறது. இரண்டு வரிகளும் ஒருசேரத் தோன்றி ஒருசேர மறையும் வகை வசனங்கள் பார்வைக்கு எவ்வளவோ சுத்தம். ஆனால் அவற்றில் ஒரு படம் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது.

வரிகள் கிடைத்த பிறகு அவற்றை வாக்கியங்களாக்க வேண்டும். நிறுத்தற்குறி இருக்கும் வசனங்களில் இது எளிது: எல்லா வரிகளையும் ஒரே சரமாக இணைத்து, முற்றுப்புள்ளியில் பிரித்தால் போதும். நிறுத்தற்குறியே இல்லாத தானியங்கி வசனங்களில், வினைமுற்று வந்த இடத்தில் வாக்கியத்தை முடிக்கலாம் என்று தோன்றும். தமிழில் அது பாதிதான் சரி. "காற்றை வெளியேற்ற வேண்டும்" என்று ஒரு வரி முடிந்து, அடுத்த வரி "என்று முன்பே சொன்னேன்" என்று தொடங்கினால், முன்வரியில் வைத்த புள்ளி வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடும். எனவே வினைமுற்றைக் கண்டதும் நிற்காமல் அடுத்த சொல்லையும் பார்க்க வேண்டும். அது என்று, என, என்பது, என்றால், என்றாலும் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. இதை நிரலிடம் ஒப்படைத்துப் பார்த்தேன். கடைசியில் நானே வாசித்துப் பிரிப்பதுதான் வேகமாக இருக்கிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். "காற்றை" என்பதைக் "கரற்றை" என்று வாசித்துக் கொடுக்கும் உரையைத் திருத்தித் திருத்தி என் பொறுமை தேய்ந்துவிட்டது. பல எழுத்துருக்களில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஸ்கிரீன்ஷாட்டின் மங்கலில் அதுவும் போய்விடும். ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வாசிக்கப்படுவதால், இரண்டு வாசிப்புகளும் வேறுபடும் இடங்களை மட்டும் சரிபார்த்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். விடுபட்ட புள்ளிகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது, ஏனெனில் பின்னணி மாறும்போது புள்ளி ஒரு படத்தில் தப்பினாலும் மற்றதில் சிக்கிவிடும். ஆனால் எழுத்தின் வடிவமே குழப்புகிற இடத்தில் இரண்டு வாசிப்புகளும் ஒரே தப்பைச் செய்து, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொள்ளும்.

நியாயமாகப் பார்த்தால் இது நிரலின் குறையைவிட எழுத்துருவின் குறை. இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியிடம் இதற்கு மேல் கேட்பதும் முறையல்ல. உருண்டு மேலேறும் வசனங்கள், எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை, நூற்றுக்கணக்கான படங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நான் இன்றும் வேறு வழியைத் தேட மாட்டேன். நண்பரின் படங்களை வாங்கித் திறந்து பார்த்தேன். வசனங்கள் இரண்டு வரியாகத் தோன்றி மறையும் வகை, பட்டை இல்லை, வெளிர்ச் சுவரின் மேல் வெள்ளை எழுத்து, அதற்கு மெல்லிய கறுப்பு விளிம்பு. அவரை உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டேன், படங்களின் வரிசையை மட்டும் இப்போதே எண் போட்டுப் பூட்டி வைத்துக்கொள்ளும்படியும்.